சவுண்ட்பார் தானாக அணைகிறதா, டிவியோடு எழ மறுக்கிறதா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சவுண்ட்பார் அணைந்துபோவது, டிவியைப் போட்டால் படம் மட்டும் வந்து சத்தம் வராமல் இருப்பது. இந்த இரண்டையும் வேறு வேறு பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு எடுத்துப் போகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: டிவி ஓடுகிறதா இல்லையா என்பது சவுண்ட்பாருக்குத் தெரியவில்லை. அதற்குக் கண் கிடையாது. தன் முதுகில் செருகியிருக்கும் வயர் வழியாக வருவதை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. அந்த வயரில் எதை எதிர்பார்க்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில், தானாக அணையும் வசதி ஏன் வைக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் கொண்டுவந்த 1275/2008 என்ற விதி, வீட்டு மின்சாதனங்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று வரம்பு போட்டது. 2013 முதல் அந்த வரம்பு பொதுவாக அரை வாட். வேலை இல்லாவிட்டால் சாதனம் தானே ஸ்டாண்ட்பைக்குப் போக வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. நெட்வொர்க்கில் இணையும் சாதனங்களுக்கு, வேலை முடிந்து 20 நிமிடத்துக்குள் ஸ்டாண்ட்பைக்குப் போயாக வேண்டும் என்ற விதி 2015-ல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி சாஃப்ட்வேர் எழுதுவது அபூர்வம். அதனால் நம் ஊரில் வாங்கும் பாரிலும் பத்து, பதினைந்து, இருபது நிமிடம் என்று ஒரு டைமர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

முதல் வேலை: கடிகாரத்தைப் பாருங்கள்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால், பார் அணையும் நேரத்தைக் கவனியுங்கள். போன் ஸ்டாப்வாட்ச் போதும். மூன்று விதமான நடத்தை உண்டு.

ஒன்று, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே கால அளவில் அணைவது. பதினைந்து நிமிடம் என்றால் எப்போதும் பதினைந்துதான். இது டைமர். பாரின் கணக்கில் வயரில் எதுவும் வரவில்லை. உங்கள் காதுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாலும், அதன் அளவுகோலுக்கு அது போதவில்லை என்று பொருள்.

இரண்டாவது, வேறு ஏதாவது நடக்கும் அதே நொடியில் அணைவது. செட்டாப் பாக்ஸை அணைத்தீர்கள், பாரும் போனது. ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தூங்கப் போனது, பாரும் கூடவே போனது. இது எச்டிஎம்ஐ வழியாக யாரோ கொடுத்த கட்டளை.

மூன்றாவது, கணக்கே இல்லாமல் அணைவது, அதிலும் சண்டைக்காட்சியில் பேஸ் அதிரும்போது அணைவது. இதற்கும் ஸ்டாண்ட்பைக்கும் சம்பந்தமில்லை. மின்சாரம் அல்லது சூடு தொடர்பான விஷயம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அணைந்ததும் முன்பக்க விளக்கையும் ஒரு பார்வை பாருங்கள். பெரும்பாலான பார்களில் ஸ்டாண்ட்பையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் பார் தானே முடிவெடுத்துத் தூங்கியிருக்கிறது. சில மாடல்களில் ஸ்டாண்ட்பையிலும் எந்த விளக்கும் எரியாது. அவற்றில் ரிமோட் பவர் பட்டனுக்கு உடனே எழுகிறதா என்பதுதான் சோதனை. எழவில்லை என்றால் மின்சாரமே அறுந்திருக்கிறது.

இரண்டாவது: எந்த வயர்?

பாருக்குப் பின்னால் கையை விட்டு, டிவியிலிருந்து என்ன வயர் வருகிறது என்று பாருங்கள். ஹெட்போன் முனை போல இருந்தால் ஆக்ஸ். சதுர முனையும் மெல்லிய கறுப்பு வயரும் என்றால் ஆப்டிகல். தட்டையான அகல முனை என்றால் எச்டிஎம்ஐ. இந்த மூன்றிலும் பார் டிவியைத் தெரிந்துகொள்ளும் முறை முற்றிலும் வேறு. யூடியூப்பில் பார்த்த தீர்வு உங்கள் வீட்டில் வேலை செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கே எச்டிஎம்ஐ இருந்திருக்கும், இங்கே ஆக்ஸ் இருக்கும்.

ஆக்ஸ்: சத்தத்தின் அளவே சிக்னல்

ஆக்ஸ் வயரில் வருவது வெறும் மின்னழுத்த ஏற்ற இறக்கம். அது ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் சிக்னல் இருக்கிறது என்று பார் ஒப்புக்கொள்ளும். தாண்டாவிட்டால் டைமர் ஓட ஆரம்பிக்கும். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. அந்தத் துளையில் வரும் அழுத்தம் டிவி வால்யூமோடு ஏறி இறங்கும். டிவி வால்யூமைக் குறைத்து பார் வால்யூமைக் கூட்டிக் கேட்பவர்களுக்கு, காதில் சத்தம் நன்றாகவே விழும். ஆனால் பாரின் நுழைவாயிலில் வருவது மிகச் சொற்பம்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். டிவி வால்யூமை நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது என்று ஏற்றி அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் பாரின் ரிமோட்டில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். சத்தம் கரகரவென்று உடைந்து கேட்டால் டிவி வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் போதும். சில டிவிகளில் ஹெட்போன் துளையின் அளவை நிலையாக வைக்கும் அமைப்பு ஆடியோ மெனுவில் இருக்கும். இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

செட்டாப் பாக்ஸை மறந்துவிடாதீர்கள். கேபிள் பாக்ஸுக்கும் டிடிஎச் பாக்ஸுக்கும் தனி வால்யூம் உண்டு. அதை யாரோ என்றோ பாதிக்கும் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். பாக்ஸ் வால்யூமை முழுமைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பாக்ஸிலிருந்து பலவீனமாக வரும் ஒலி எந்த வயர் வழியாகப் போனாலும் பலவீனமாகத்தான் போகும்.

விழிப்பதில் ஆக்ஸின் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிக்னல் வந்ததும் தானாக எழும் வசதி ஆக்ஸில் எல்லா பார்களிலும் கிடையாது. பாரின் கையேட்டில் ஆக்ஸுக்குத் தானியங்கி எழுப்பும் வசதி இருப்பதாகச் சொல்லவில்லை என்றால், அந்த வயரில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ரிமோட்டால்தான் எழுப்ப வேண்டியிருக்கும். எழுப்பும் வசதி இருக்கிற பார்களில் இதற்கு நேர்மாறான தொல்லையும் வரும். எர்த் சரியில்லாத வீட்டில் வயரில் ஏறும் இரைச்சலையே சிக்னல் என்று நினைத்து பார் விடிய விடிய விழித்திருக்கும். ஆக்ஸ் வயரைப் பிடுங்கியதும் ஒழுங்காகத் தூங்கினால் காரணம் அதுதான்.

ஆப்டிகல்: வெளிச்சமா, அதில் வரும் ஒலியா?

ஆப்டிகல் வயரில் ஓடுவது சிவப்பு ஒளி. தோஷிபா 1983-ல் கொண்டுவந்த முறை, இன்றும் பெரிதாக மாறவில்லை. இதில் பார் இரண்டு விதமாக யோசிக்கக்கூடும். ஒளி வருகிறதா, அதில் டிஜிட்டல் ஓட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது ஒரு வகை. அந்த ஓட்டத்துக்குள் உண்மையிலேயே ஒலி இருக்கிறதா, வெறும் நிசப்தமா என்று உள்ளே புகுந்து பார்ப்பது இன்னொரு வகை. உங்கள் பார் எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஒரு படத்தைப் போட்டுவிட்டு பாஸ் செய்யுங்கள். டிவி ஸ்கிரீன் சேவருக்குப் போனாலும் பரவாயில்லை, டிவியை அணைக்காதீர்கள். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பார் அணைந்துவிட்டால் அது ஒலியைப் பார்க்கும் வகை. விழித்தே இருந்தால் ஒளியைப் பார்க்கும் வகை.

அடுத்து டிவியின் பக்கத்தைச் சோதியுங்கள். டிவியை அணைத்துவிட்டு, பார் பக்கத்து முனையைக் கழற்றி உள்ளங்கைக்கு நேராகக் காட்டுங்கள். கையில் சிவப்புப் புள்ளி விழுகிறதா? சில டிவிகள் அணைந்த உடனே ஒளியை நிறுத்திவிடும். சில, சில நிமிடங்கள் கழித்து நிறுத்தும். வேகமாக எழும் ஸ்டாண்ட்பை வசதி போட்டிருந்தால் இன்னும் நீண்ட நேரம் எரியவிடும் டிவிகளும் உண்டு. டிவியை அணைத்து நெடுநேரம் கழித்துத்தான் பார் அணைகிறது என்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. டிவி ஒளியை நிறுத்த எடுக்கும் நேரமும் பாரின் டைமரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. ஒளி நிற்கவே இல்லை என்றால், ஒளியைப் பார்க்கும் வகை பார் தூங்கவே தூங்காது. டிவியில் வேகத் தொடக்க வசதியை அணைத்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். எல்ஜி டிவியில் அதன் பெயர் Quick Start+.

ஆப்டிகலில் அடிக்கடி தவறவிடும் இன்னொரு விஷயம், ஒலியின் வடிவம். விலை குறைந்த பார்கள் பல, பிசிஎம் என்ற சாதாரண வடிவத்தை மட்டுமே படிக்கும். டிவி டால்பி டிஜிட்டலாக அனுப்பினால் அவற்றுக்கு அது புரியாது. சத்தமே வராது, பதினைந்து நிமிடத்தில் அணைந்தும் போகும். சில சேனல்களில் நன்றாக வருகிறது, ஓடிடி படங்களில் மட்டும் ஊமையாகி அணைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். டிவியின் ஒலி மெனுவில் Digital Sound Output அல்லது Digital Audio Out என்று இருக்கும் இடத்தில் PCM என்று வையுங்கள்.

விழிப்பதற்கு, பாரின் கையேட்டில் Auto Power என்ற பெயரை ஒட்டிய அமைப்பைத் தேடுங்கள். சாம்சங் பார்களில் அதை Auto Power Link என்பார்கள். ஒளி வந்ததும் பார் எழுந்து டிஜிட்டல் இன்புட்டுக்குத் தாவும் வசதி அது. அதை ஆன் செய்யும் முறை மாடலுக்கு மாடல் வேறு. பெரும்பாலும் ரிமோட்டில் ஏதாவது ஒரு பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எந்தப் பட்டன் என்பதை மாடல் எண்ணோடு கையேட்டில்தான் பார்க்க வேண்டும், இஷ்டத்துக்கு அழுத்திப் பார்த்தால் பழைய அமைப்புகளும் அழிந்துவிடலாம்.

எச்டிஎம்ஐ: இங்கே பேச்சுவார்த்தை நடக்கிறது

மற்ற இரண்டிலும் பார் ஊகிக்கிறது. எச்டிஎம்ஐயில் டிவியே நேரடியாகச் சொல்கிறது. எச்டிஎம்ஐ முனையின் 13-ஆவது பின், சிஇசி என்ற கட்டளைகளுக்காக ஒதுக்கப்பட்டது. வீட்டில் எச்டிஎம்ஐயில் இணைந்த எல்லாச் சாதனங்களும் இந்த ஒரே கம்பியில்தான் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. டிவிக்கு 0, ஒலி அமைப்புக்கு 5. "எல்லோரும் ஸ்டாண்ட்பைக்குப் போங்கள்" என்று டிவி ஒரு கட்டளை போட்டால் அது எல்லாருக்கும் கேட்கும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அதே கட்டளையை டிவி மட்டுமல்ல, செட்டாப் பாக்ஸோ கேம் கன்சோலோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ கூடப் போடலாம்.

ஒலி டிவியிலிருந்து பாருக்குத் திரும்பி வருவது ஏஆர்சி என்ற வழியில். அது 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் சேர்க்கப்பட்டது. அதற்கு 14-ஆவது பின்னும் வேண்டும். ஆகவே சிஇசி ஒரு வழி, ஏஆர்சி இன்னொரு வழி. இந்த வித்தியாசம் பழுது பார்க்கும்போது கைகொடுக்கும். டிவியோடு பார் எழுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை என்றால் சிஇசி நன்றாக இருக்கிறது, ஏஆர்சி பக்கம்தான் கோளாறு. சத்தம் வருகிறது, ஆனால் பாரைத் தனி ரிமோட்டில்தான் போட வேண்டியிருக்கிறது என்றால் முதலில் சிஇசி அமைப்பைப் பாருங்கள்.

வரிசையாகச் செய்யலாம். முதலில் போர்ட். டிவியில் நாலு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் ARC அல்லது eARC என்று அச்சிட்டிருக்கும் ஒன்றில் மட்டும்தான் இது நடக்கும். பாரில் இரண்டு துளை இருந்தால் OUT என்று எழுதியதில் செருக வேண்டும், IN-இல் இல்லை. ஒலி பாருக்குள் வருவதால் IN-இல்தான் செருக வேண்டும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் ஏஆர்சி அமைந்திருப்பது OUT-இல்.

அப்புறம் டிவியில் சிஇசியை ஆன் செய்யுங்கள். அதை யாரும் சிஇசி என்று நேராகச் சொல்வதில்லை. சாம்சங்கில் Anynet+, எல்ஜியில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync, பானசோனிக்கில் VIERA Link, பிலிப்ஸில் EasyLink. ஆண்ட்ராய்டு டிவிகளில் இன்புட் மெனுவுக்குள் HDMI control என்று இருக்கும். அந்த மெனுவிலேயே டிவி அணைந்தால் மற்றவையும் அணையட்டுமா, மற்றவை எழுந்தால் டிவியும் எழட்டுமா என்று உட்பிரிவுகள் இருக்கும். அவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். தாய் அமைப்பு ஆன், உட்பிரிவு ஆஃப் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். பாரிலும் சிஇசிக்குத் தனி அமைப்பு இருக்கலாம், பெரும்பாலும் HDMI Control அல்லது CEC என்ற பெயரில். இரண்டு பக்கமும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

கடைசியாக டிவியின் ஒலி வெளியீட்டை HDMI ARC அல்லது Receiver என்று மாற்றுங்கள். டிவி ஸ்பீக்கரில் நின்றுகொண்டிருந்தால், பார் எழுந்தாலும் அதற்கு ஒலி வராது, சில நிமிடத்தில் மறுபடி தூங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று ஒருநாள் நின்றுபோனால், சாதனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் எண்கள் குழம்பியிருக்கும். எல்லாவற்றையும் ரிமோட்டில் அணைத்தால் போதாது. டிவி, பார், செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். முதலில் டிவியை மட்டும் போடுங்கள், முழுதாக எழட்டும். அடுத்து பார். டிவி வால்யூம் பட்டனை அழுத்தி பாரின் சத்தம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் மறுபடி குழம்புகிறதோ, அதுதான் ஆள்.

ஒரு வீட்டில் நடந்தது

திருநெல்வேலியில் இருக்கும் என் மாமா வீட்டில் இந்தக் கதைகள் வரிசையாக நடந்தன. போனில் மாமா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, காலைல நியூஸ் பாக்கும்போது ஒண்ணும் இல்ல. ராத்திரி கச்சேரி போட்டா மட்டும் நடுவுல அணைஞ்சு போகுது." கடைக்காரர் மாற்றிக் கொடுத்த பாரிலும் அதேதான் என்றார்.

காலையில் இல்லை, இரவில் மட்டும். பார் மாறியும் மாறவில்லை. அப்படியென்றால் பாரில் பழுதில்லை. நேரில் போய்ப் பார்த்தால், டிவி ஹெட்போன் துளையிலிருந்து ஆக்ஸ் வயர். டிவி வால்யூம் எட்டில் நின்றது, பார் வால்யூம் கிட்டத்தட்ட உச்சத்தில். அத்தை பக்கத்து அறையில் தூங்குவதால் இரவில் மாமா டிவி ரிமோட்டில் குறைப்பார். காலையில் அதே ரிமோட்டில் முப்பதுக்கு ஏற்றுவார். முப்பதில் வரும் அளவு பாருக்குப் போதும். எட்டில் வருவது, அதுவும் ஆலாபனையின் மெல்லிய இடங்களில், போதாது. அணையும் இடைவெளியைப் பார்த்தால் டைமர் என்பது பளிச்சென்று தெரிந்தது. டிவி வால்யூமை எண்பதில் நிறுத்தி, பாரைக் கீழே இறக்கினோம். அன்று இரவுக் கச்சேரி முழுக்க ஓடியது.

ஆனால் இரண்டு ரிமோட் வைத்துக்கொண்டிருப்பது மாமாவுக்குப் பிடிக்கவில்லை, பாரும் தானாக எழவில்லை. பாரின் பின்னால் ஏஆர்சி துளை காலியாக இருந்ததால் எச்டிஎம்ஐக்கு மாற்றினோம். சிஇசியை ஆன் செய்ததும் ஒரே ரிமோட்டில் எல்லாம் நடந்தது. அடுத்த வாரம் மறுபடி போன்: "இப்ப கேபிள் சேனல் பாக்கும்போது டிவியே அணையுது, பாரும் கூட அணையுது." டிவியின் இன்னொரு துளையில் பேரன் செருகிவிட்டுப் போன ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருந்தது. யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் அது தூங்கப் போகும். போகும்போது ஸ்டாண்ட்பை கட்டளையையும் போட்டுவிட்டுப் போகிறது. ஸ்டிக்கின் அமைப்பில் சிஇசியை அணைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. டிவியிலும் பாரிலும் சிஇசியை அப்படியே விட்டோம். குற்றவாளி ஒன்று இருக்கும்போது மொத்தத்தையும் அணைத்துவிடக் கூடாது.

மிச்சம் ஒன்று இருந்தது. வாரத்தில் சில நாள் காலையில் மட்டும் பார் எழாது. அத்தைக்கு இரவு படுக்கப்போகும்போது சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம். காலையில் சுவிட்சைப் போட்ட கையோடு டிவி ரிமோட்டை அழுத்துவார்கள். பாருக்கு மின்சாரம் வந்து அதன் சாஃப்ட்வேர் எழுவதற்குள் டிவி தன் அழைப்பைக் கொடுத்து முடித்துவிடும். கேட்க ஆளில்லை. சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் கழித்து ரிமோட்டை எடுங்கள் என்றதும் அதுவும் சரியானது.

சுவிட்சை அணைக்காமலே விடலாமா என்று அத்தை கேட்டார். அரை வாட் என்றால் ஒரு வருடத்துக்கு நாலரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. சிஇசியைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் பார் அரை வாட்டுக்கு மேல் இழுக்கலாம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிலைக்கும் தனித்தனி எண் போட்டிருப்பார்கள். இரண்டு வாட் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்குப் பதினேழரை யூனிட். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

டைமரையே நிறுத்திவிட்டால் என்ன?

பல பார்களில் Auto Standby அல்லது Auto Power Off என்ற அமைப்பை ஆஃப் செய்ய முடியும். மெனு இல்லாத பார்களில் அதையும் ஏதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் மாற்ற வேண்டும். சில மாடல்களில் ஆஃப் செய்ய வழியே இல்லை.

என் கருத்து, இதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் ஏன் போதவில்லை என்று பார்க்காமல் டைமரை நிறுத்தினால், அணைவது நிற்கும், எழாமல் இருப்பது அப்படியே இருக்கும். ஆக்ஸில் இருப்பவர் பாரை அணைக்க மறந்தால் அது இரவு முழுக்க ஓடும். எச்டிஎம்ஐ சிஇசி ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் மட்டும் டைமரைத் தைரியமாக நிறுத்தலாம். அங்கே அணைக்கும் பொறுப்பு டிவியிடம் போய்விடுகிறது.

ப்ளூடூத்தில் டிவியை இணைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாண்ட்பையில் பல பார்கள் ப்ளூடூத்தையும் சேர்த்து அணைத்துவிடும். அதனால் டிவி கூப்பிட்டாலும் கேட்காது. பாரில் Bluetooth Standby போன்ற அமைப்பு இருந்தால் ஆன் செய்து பாருங்கள். ஆனால் முன்பு இணைத்த போன் பக்கத்தில் வந்தாலும் பார் எழுந்துவிடக்கூடும். எச்டிஎம்ஐ துளை இருக்கும்போது ப்ளூடூத்தை நம்பியிருக்கத் தேவையில்லை.

ஸ்டாண்ட்பை அல்லாத அணைப்பு

சத்தம் கூடும்போது மட்டும் அணைகிறது, குறைத்து வைத்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். தனி அடாப்டர் உள்ள பார் என்றால் அடாப்டரின் லேபிளையும் பாரின் அடியில் இருக்கும் லேபிளையும் ஒப்பிடுங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் பார் கேட்பதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும், முனையின் துருவமும் ஒத்துப்போக வேண்டும். வீடு மாற்றும்போது ரௌட்டர் அடாப்டரும் பார் அடாப்டரும் இடம் மாறிப்போவது சகஜம். லேபிள் சரியாக இருந்தும் சத்தம் கூடும்போது விழுந்தால், பழைய அடாப்டர் பாரத்தைத் தாங்காமல் வோல்டேஜ் இறங்குகிறது. அடாப்டரை மாற்றினாலே போதும்.

நேரடியாக 230 வோல்ட் வயர் போகும் பாரை வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வேறு சுவர்ப் புள்ளியில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் மாட்டிப் பார்ப்பது, டிவி அலமாரிக்குள் மூச்சுமுட்ட வைத்திருந்தால் வெளியே எடுத்து ஓடவிடுவது, இந்த இரண்டும் நீங்கள் செய்யக்கூடியவை. வெளியே வைத்ததும் அணைவது நின்றால் சூடுதான் காரணம்.

எதற்கும் மசியவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை. டிவி வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போனிலிருந்து ப்ளூடூத்தில் ஒரு மணி நேரம் பாட்டு ஓடவிடுங்கள். அணையாமல் ஓடினால் பார் நன்றாக இருக்கிறது, டிவியையும் வயரையும் பாருங்கள். அப்போதும் அணைந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். போகும்போது எத்தனை நிமிடத்தில் அணைந்தது, அணைந்ததும் சிவப்பு விளக்கு எரிந்ததா, எந்த இன்புட்டில் நடந்தது என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். அந்த மூன்று வரி இல்லாவிட்டால், கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.